ஓடாத வேலை குரல் கொடுக்காது

2017 ஜனவரி 31 இரவு. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் துணைச் சர்வரில் ஒரு ஃபோல்டரை அழிக்க நினைத்து, முதன்மைச் சர்வரில் இருந்த தரவுத்தளத்தையே அழிக்கத் தொடங்கிவிட்டார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

மனிதர் கை தவறுவது புதிதல்ல. பேக்கப் என்று ஒன்றை வைப்பதே அதற்காகத்தான். கிட்லேப்பிலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை தரவுத்தளத்தை நகலெடுத்து அமேசானின் எஸ்3 கிடங்குக்கு அனுப்ப ஏற்பாடு இருந்தது. அவசரமாக அந்தக் கிடங்கைத் திறந்து பார்த்தால், காலி. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, நகலெடுக்கும் `pg_dump` மட்டும் 9.2 பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பதிப்பு பொருந்தாததால் அது ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றுவிட்டது. பிழை வந்தால் மின்னஞ்சல் போகும்படி வைத்திருந்தார்கள். அந்த மின்னஞ்சல்களில் டிமார்க் சரிபார்ப்பு அமைக்கப்படாததால், பெறும் பக்கமே அவற்றைத் திருப்பி அடித்துவிட்டது. யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

கடைசியில் காப்பாற்றியது அதிர்ஷ்டம். சோதனைக்காக ஒரு பொறியாளர் சுமார் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்துவைத்திருந்த நகல் ஒன்று கிடைத்தது. அந்த ஆறு மணி நேரத்தில் நடந்தவை போயின: ஏறத்தாழ 5,000 ப்ராஜெக்ட்டுகளில் செய்த மாற்றங்கள், 5,000 கருத்துகள், 700 புதிய கணக்குகள். இவ்வளவையும் நிறுவனமே வெளிப்படையாக எழுதி வைத்ததால்தான் நாம் இன்று பேச முடிகிறது. பல இடங்களில் இப்படி நடந்தது வெளியே வருவதே இல்லை.

இங்கே வேலை கத்தத்தான் செய்தது, காதில் விழவில்லை. இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. புதிய சர்வருக்கு மாறும்போது கிரான் அட்டவணையைக் கொண்டுபோக மறந்துவிடுவார்கள். ஏதோ சோதனைக்காக ஒரு வரிக்கு முன்னால் `#` போட்டவர் அதை எடுக்காமலே வேறு வேலைக்குப் போயிருப்பார். அப்போது வேலை தொடங்குவதே இல்லை. தொடங்காத வேலைக்குப் பிழைச் செய்தி எங்கிருந்து வரும்? "தோற்றால் சொல்" என்று எத்தனை முறை எழுதி வைத்தாலும் அந்த வரியும் ஓடப்போவதில்லை.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். ராத்திரி ரோந்து வரும் கூர்க்காவின் விசில் கேட்டால் தெரு நிம்மதியாகத் தூங்கும். ஒரு நாள் கேட்காவிட்டால்தான் கவலை. அதேபோல வேலை நல்லபடியாக முடிந்ததும், வெளியே வேறொரு சர்வரில் இருக்கும் கண்காணிப்புக்கு "முடித்துவிட்டேன்" என்று ஒரு சின்னத் தகவல் அனுப்ப வேண்டும். இதைத்தான் ஹார்ட்பீட் என்கிறார்கள். குறித்த நேரத்துக்குள் தகவல் வராவிட்டால் அந்த வெளிச் சர்வர் எச்சரிக்கை அனுப்பும். வேலை தோற்றதா, தொடங்கவே இல்லையா, சர்வரே படுத்துவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. தகவல் வரவில்லை என்பதே போதும்.

இதற்கென்றே ஹெல்த்செக்ஸ் போன்ற சேவைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முகவரி தருவார்கள். வேலையின் கடைசி வரியில் அந்த முகவரியைத் தட்டினால் போதும். ஒரு கடையின் பில்லிங் தரவுத்தளத்தை நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் இது:

```
#!/bin/bash
set -euo pipefail
F=/backup/shop-$(date +%F).sql.gz
pg_dump shopdb | gzip > "$F"
test "$(stat -c %s "$F")" -gt 50000000
curl -fsS -m 10 --retry 5 https://hc-ping.com/UUID
```

இரண்டாம் வரியில் உள்ள `pipefail` இல்லாவிட்டால் ஏற்பாட்டில் பெரிய ஓட்டை விழும். `pg_dump` பாதியில் தோற்றாலும் அடுத்து நிற்கும் `gzip` அதுவரை வந்ததைச் சுருக்கிவிட்டு "வெற்றி" என்று சொல்லிவிடும். அந்த அரைகுறை நகல் 50 எம்பியைத் தாண்டியிருந்தால் ஹார்ட்பீட்டும் தவறாமல் போய்ச் சேரும். ஐந்தாம் வரி கோப்பின் அளவைப் பார்க்கிறது. வழக்கமாக 80 எம்பி வரும் நகல் 50 எம்பிக்குக் கீழே இறங்கினால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும், கடைசி வரிக்குப் போகாது. கிட்லேப் சம்பவத்தில் சில பைட் அளவே இருந்த நகல் கோப்புகளும் கண்ணில் பட்டன. இப்படி ஒரு வரி இருந்தால் அவை தேறியிருக்காது.

அடுத்தது நேரம். வேலை இரவு 2:30க்குத் தொடங்கி வழக்கமாக 3:10க்கு முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். கண்காணிப்பில் தினமும் 2:30 என்று குறித்து, 90 நிமிடம் சலுகை கொடுத்தால், தகவல் வராத நாளில் 4 மணிக்கு எச்சரிக்கை வரும். சலுகையை 45 நிமிடமாகக் குறைத்தால் மாதக் கடைசியில் தரவு பெருத்து வேலை இழுக்கும்போதெல்லாம் பொய் எச்சரிக்கை வந்து, நாலாவது முறை யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இன்னொரு பொறி நேர மண்டலம். சர்வர் யுடிசி நேரத்தில் ஓடினால் நம்முடைய 2:30 அதற்கு முந்தைய நாள் இரவு 9 மணி. இரண்டு பக்கமும் ஒரே மண்டலத்தைக் குறிக்க வேண்டும்.

சாஃப்ட்வேரை வெளியாரிடம் ஒப்படைத்திருக்கும் கிளினிக்கோ, டியூஷன் சென்டரோ, கடையோ "அதெல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று இருந்துவிடுவது வழக்கம். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு திருட்டுப் போவதை மட்டுமல்ல, தற்செயலாக அழிந்து கைக்கு எட்டாமல் போவதையும் தரவு மீறலாகவே கணக்கில் எடுக்கிறது. வேலையை வெளியாருக்குக் கொடுத்திருந்தாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், பொறுப்பு தரவைத் திரட்டிய நிறுவனத்துக்கே. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள் பேக்கப்பைப் பெயர் சொல்லியே கேட்கின்றன. இத்தகைய கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது.

ஆகவே சப்ளையரிடம் "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று கேட்டுப் பயனில்லை, எல்லோரும் ஆமாம் என்பார்கள். "ஒரு நாள் பேக்கப் ஓடவே இல்லை என்றால் யாருக்கு, எத்தனை மணிக்குத் தகவல் வரும்?" என்று கேளுங்கள். அந்த எச்சரிக்கை உங்கள் எண்ணுக்கும் வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நகலை வேறொரு கணினியில் திறந்து, முந்தைய நாள் போட்ட பில் அதில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். ஹார்ட்பீட் சொல்வது வேலை முடிந்தது என்பதை மட்டும்தான். அந்த நகலிலிருந்து தரவை மீட்க முடியுமா என்பது அதற்குத் தெரியாது.

எச்சரிக்கை மின்னஞ்சலில் மட்டும் வந்தால், கிட்லேப்புக்கு நேர்ந்ததே திரும்ப நடக்கலாம். கைபேசிக்கும் ஒரு வழி வையுங்கள். அது வருகிறதா என்று அறிய ஒரே சோதனைதான் இருக்கிறது: சப்ளையரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் பகலில் கையால் நகல் எடுத்துவைத்துக்கொண்டு, அன்றிரவு மட்டும் அந்த வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். விடிவதற்குள் கைபேசி ஒலிக்காவிட்டால், காலையில் அவர்களைக் கூப்பிட வேண்டியது நீங்கள்.