கழுத்து வரியும் காறை எலும்பின் நிழலும்

பணி ஓய்வு பெறும் தலைமை ஆசிரியை ஒருவரின் படம். வயது 58. பள்ளிச் சுவரில் மாட்டுவதற்காக எடுத்தது. முகம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பார்ப்பவர் கண் கழுத்துக்குத்தான் முதலில் போகிறது. கழுத்தின் குறுக்கே இரண்டு ஆழமான வரிகள். முந்தானை மறைக்காத வலப்பக்கத்தில், காறை எலும்புக்கு மேலே கன்னங்கரேலென்று ஒரு குழி.

நேரில் இவை யாருக்கும் உறுத்தியிருக்காது. விளக்கு தலைக்கு மேலே உயரத்தில் இருந்தால் எலும்பின் மேல்விளிம்பு பளிச்சென்று மின்னும், அதையொட்டிய பள்ளத்துக்கு வெளிச்சம் எட்டாது. தோளை ஒரு பக்கம் நிறுத்தி முகத்தை மட்டும் அதிகமாகத் திருப்பச் சொன்னால் வரிகள் இன்னும் ஆழமாகும். விளக்கைச் சற்று இறக்கி, மார்புக்குக் கீழே ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்து, தோளையும் கொஞ்சம் முகத்தோடு திரும்ப வைத்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும். படம் எடுத்தாயிற்று என்பதால், மீதியைக் கணினியில்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வரிகள். போட்டோஷாப்பில் மூலப் படத்தைத் தொடாமல், அதன் மேல் ஒரு வெற்று லேயர் போட்டு, ஹீலிங் பிரஷ்ஷில் Sample என்பதை Current & Below என்று வைத்துக்கொள்ள வேண்டும். வரிக்கு மேலேயோ கீழேயோ உள்ள கழுத்துத் தோலையே மாதிரியாக எடுக்க வேண்டும். கன்னத்துத் தோலின் துளைகளும் பளபளப்பும் வேறு. அதைக் கொண்டுவந்து கழுத்தில் ஒட்டினால் ஒட்டுப்போட்டது தெரிந்துவிடும். வரியை முழுதாக அழித்த பிறகு, அந்த லேயரின் Opacity அளவை 50 சதவீதத்துக்கு இறக்கினால் வரி பாதியாகத் திரும்பி வரும். ஆசிரியையின் படத்தில் 45-இல் நிறுத்துவது சரியாக இருக்கும். கண்ணோரச் சுருக்கங்கள் அப்படியே இருக்க, கழுத்து மட்டும் இருபது வயதுக்காரருடையதுபோல் வழவழவென்று இருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் அது அவர் இல்லை என்று தோன்றிவிடும்.

குழிக்கு இந்த முறை உதவாது. அந்த இருட்டு தோலில் படிந்த கறை இல்லை. எலும்பு எங்கே ஓடுகிறது, கழுத்துத் தசை எங்கே வந்து சேர்கிறது என்று காட்டுவதே அதுதான். ஹீலிங் பிரஷ்ஷால் துடைத்தால் தோளும் கழுத்தும் ஒரே தட்டையான பலகையாகிவிடும். இங்கே ஒரு Curves லேயர் போட்டு, வளைவின் நடுவைக் கொஞ்சம் மேலே தூக்கி, அதன் மாஸ்க்கை Ctrl+I அழுத்திக் கறுப்பாக்கிவிடலாம். பிறகு ஓரம் மிருதுவான வெள்ளை பிரஷ்ஷை எடுத்து, Flow-வை 3 சதவீதத்தில் வைத்து, குழியின் மிக இருண்ட நடுப்பகுதியில் மட்டும் மெல்ல மெல்லத் தடவ வேண்டும். நிழல் வெளிச்சமாக மாறும் ஓரத்தில் கை வைக்கக் கூடாது, ஏனென்றால் வடிவத்தைச் சொல்வது அந்த ஓரம்தான். Info பேனலில் குழியின் நடு 30-க்குப் பக்கத்தில் இருந்தால் 55, 60 வரை ஏற்றலாம். சுற்றியுள்ள தோல் 130 என்றால் குழி அப்போதும் குழியாகவே தெரியும்.

இதோடு எலும்பின் மேல்விளிம்பில் உள்ள மினுமினுப்பை, வளைவைக் கீழே இறக்கிய இன்னொரு Curves லேயரால் ஒரு துளி அடக்கிவிட வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இது. நிழலின் கடுமையில் பாதி, பக்கத்தில் உள்ள வெளிச்சத்தால் வருவது. அதைக் குறைத்தால் குழியை அவ்வளவாகத் தூக்க வேண்டியிருக்காது.

நம் தோலில் நிழலைத் தூக்கும்போது அந்த இடம் பெரும்பாலும் செங்கல் நிறமாகச் சிவந்து நிற்கும். மேலே ஒரு வெற்று லேயரை Color முறையில் வைத்து, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து 15 சதவீத அளவில் பூசினால் அடங்கும். அப்போதும் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தால் படத்தில் அதற்கு மேல் விவரம் இல்லை என்று பொருள். ரா கோப்பு இருந்தால் அங்கே போய் நிழலைத் தூக்கலாம். ஜேபெக் மட்டும்தான் என்றால் ஒரு படி இறங்கி வந்து நிறுத்திக்கொள்வது நல்லது.

தாடைக்குக் கீழே விழும் நிழலைத் தொடவே கூடாது. அது போனால் முகமும் கழுத்தும் ஒன்றாகிவிடும். சங்கிலியின் மெல்லிய நிழலும் அப்படித்தான். அதை அழித்தால் சங்கிலி தோலில் படியாமல் அந்தரத்தில் நிற்கும்.

வேலை செய்யும்போது கழுத்தைப் பெரிதாக்கியே பார்த்துக்கொண்டிருப்போம். எவ்வளவு செய்தோம் என்ற கணக்கே கண்ணுக்குப் போய்விடும். அதனால் முழுப் படத்தையும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, லேயர்களை அணைத்து அணைத்து ஏற்றிப் பார்க்க வேண்டும். ஏற்றும்போது கழுத்து சட்டென்று மாறுவது முதலில் கண்ணில் பட்டால் அதிகமாகிவிட்டது. ஓய்வான தோற்றம் மட்டும் தெரிந்தால் போதுமானது.

சுவரில் மாட்டும் படம் என்பதால் இன்னொன்றும் உண்டு. மேட் தாளில் கறுப்புப் பகுதிகள் திரையில் பார்த்ததைவிட அடைந்துபோகும். 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிடக் கொடுக்கும் முன், கழுத்துப் பகுதியை மட்டும் அதே தாளில் அதே அளவில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்து, குழி அடைந்திருந்தால் அந்த Curves லேயரை மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கலாம்.