கருப்பொருள் பகுப்பாய்வு

கருப்பொருள் பகுப்பாய்வு என்பது நேர்காணல் எழுத்துப்படிகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்துகளைக் கண்டறியும் பண்புசார் ஆய்வுமுறை ஆகும். வர்ஜீனியா பிரவுன், விக்டோரியா கிளார்க் ஆகியோர் 2006 இல் இதனை ஆறு படிநிலைகளாக விளக்கினர்.

முதலில் எழுத்துப்படியைப் பலமுறை படித்து, பொருளுள்ள ஒவ்வொரு பகுதிக்கும் குறியீடு எனும் சிறுபெயர் இடுவர். இரவுப்பணிச் செவிலியர் நேர்காணல்களில் "குழந்தை தூங்கியபின் சந்திப்பு", "திருவிழாவைத் தவறவிடல்" என்பன குறியீடுகள் எனக் கொள்வோம். இவற்றை இணைத்துக் "குடும்பம்" எனப் பெயரிட்டால் அது வெறும் தலைப்பு. "வீட்டில் இருந்தும் குடும்பத்தின் நேரத்திற்கு வெளியே வாழ்தல்" என்பதே கருப்பொருள். செவிலியர் சொன்னதை அது கூறுகிறது.

உருக்கமான வரியே மேற்கோளாகிவிடுவது வழக்கமான பிழை. கருப்பொருளுக்குரிய பகுதிகளை ஒருசேரப் படித்து, பலர் சொன்னதைத் தெளிவாகச் சொல்லும் வரியைத் தெரிவு செய்ய வேண்டும். மேற்கோள்கள் அனைத்தும் ஒருவருடையவையாயின், அது அவரது அனுபவம் மட்டுமே. மாறான குரலையும் உடன் தருதல் வேண்டும்.