33 டிகிரி ஏன் 41 போல் சுடுகிறது? வானிலை அறிக்கையில் பனிநிலையும் வெப்பக் குறியீடும்

வானிலை அறிக்கையைப் பார்க்கும்போது நம்மில் பலர் ஓர் எண்ணை மட்டும்தான் கவனிக்கிறோம்: இன்று எத்தனை டிகிரி? 31 என்றால் "பரவாயில்லை" என்கிறோம். 34 என்றால் குடையை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் சிங்கப்பூரில், குறிப்பாக ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான வெப்பமான மாதங்களில், அந்த ஓர் எண் மட்டும் போதாது. 31 டிகிரி உள்ள ஒரு நாள், 33 டிகிரி உள்ள நாளைப் போலவே உடலை வாட்டக்கூடும். அதைத் தெரிந்துகொள்ள உதவும் வேறு இரண்டு எண்களைப் பற்றி இங்கே விளக்குகிறோம். ஒன்று பனிநிலை, மற்றொன்று வெப்பக் குறியீடு. ஆங்கிலத்தில் உள்ள கைப்பேசிச் செயலிகளில் பனிநிலை Dew Point என்றும், வெப்பக் குறியீடு Heat Index அல்லது Feels Like என்றும் காட்டப்படும். Feels Like எண்ணைச் சில செயலிகள் சற்று வேறு முறையில் கணக்கிடுவதும் உண்டு.

பனிநிலை என்றால் என்ன?

உணவங்காடியில் ஐஸ் போட்ட பானத்தை வாங்கி மேசையில் வைத்தால், சற்று நேரத்தில் குவளையின் வெளிப்புறம் முழுவதும் நீர் கோத்துக்கொள்கிறது. அந்த நீர் குவளைக்குள்ளிருந்து கசியவில்லை. சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த நீராவி, குளிர்ந்த குவளையைத் தொட்டதும் துளியாக மாறுகிறது.

காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும். அந்த வெப்பநிலையே பனிநிலை. காற்றில் நீராவி அதிகமாக இருந்தால் பனிநிலையும் உயர்ந்திருக்கும், குறைவாக இருந்தால் பனிநிலையும் தாழ்ந்திருக்கும்.

மூக்குக் கண்ணாடி அணிபவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த விஷயம். குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதியிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி மங்கிவிடுகிறது. உள்ளே இருந்தபோது கண்ணாடி 23 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். வெளிக்காற்றின் பனிநிலை 25 ஆக இருந்தால், அந்தக் கண்ணாடி மீது ஈரம் படிந்தே தீரும்.

ஈரப்பத விழுக்காடு ஏன் குழப்பக்கூடும்?

"காற்றில் எவ்வளவு ஈரம் என்பதைத்தான் விழுக்காட்டில் சொல்கிறார்களே, அது போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நாளின் கணக்கைப் பார்ப்போம்.

காலை 7 மணிக்கு வெப்பநிலை 26 டிகிரி, ஈரப்பதம் 95 விழுக்காடு. பிற்பகல் 2 மணிக்கு வெப்பநிலை 33 டிகிரி, ஈரப்பதம் 63 விழுக்காடு. இதைப் பார்த்தால், காலையைவிடப் பிற்பகலில் காற்று நன்றாக உலர்ந்துவிட்டது என்றுதான் தோன்றும். உண்மையில் இரண்டு நேரங்களிலும் பனிநிலை ஏறக்குறைய 25 டிகிரிதான். காற்றில் இருந்த நீராவி குறையவே இல்லை.

விழுக்காடு குறைந்ததற்குக் காரணம் வெப்பம். சூடான காற்றில் நீராவிக்கு இடம் அதிகம். அதே அளவு நீராவி, பெரிதான அந்த இடத்தில் சிறு பங்காகிவிடுகிறது. அதனால் விழுக்காடு நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். காற்றில் உண்மையிலேயே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதைப் பனிநிலைதான் நேராகச் சொல்கிறது.

வியர்வை உலராவிட்டால்

உடல் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் முக்கிய வழி வியர்வை. ஆனால் வியர்ப்பதால் மட்டும் உடல் குளிர்வதில்லை. வியர்வை தோலின் மேல் ஆவியாகும்போதுதான் உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சொட்டுச் சொட்டாகக் கீழே விழும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. உடலிலிருந்து நீர் போகிறது, சூடு போவதில்லை.

காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை மெதுவாகத்தான் ஆவியாகும். ஈரத்துணி அத்தகைய நாளில் காயாமல் கிடப்பதும் இதனால்தான். வெப்பநிலையையும் காற்றின் ஈரத்தையும் சேர்த்துப் பார்த்து, உடலுக்கு எவ்வளவு சூடாகத் தெரியும் என்று கணக்கிட்டுச் சொல்வதே வெப்பக் குறியீடு.

மேலே பார்த்த பிற்பகலில் வெப்பநிலை 33 டிகிரி, பனிநிலை 25. அதன் வெப்பக் குறியீடு ஏறக்குறைய 41. அதே 33 டிகிரி, பனிநிலை 13 மட்டுமே உள்ள வறண்ட ஊரில் இருந்தால், வெப்பக் குறியீடு சுமார் 32தான். வெப்பமானி காட்டும் எண் ஒன்றே. ஆனால் உடல் தாங்க வேண்டிய சுமையில் ஒன்பது டிகிரி வேறுபாடு.

மழை விட்ட பிற்பகலில் கவனம் தேவை

இப்போது வேறொரு நாளைப் பார்ப்போம். நண்பகலில் ஒரு மழை பெய்து ஓய்கிறது. மீண்டும் வெயில் வருகிறது. தரையில் தேங்கிய நீர் ஆவியாகிக் காற்றில் சேர்கிறது. காற்றும் வீசவில்லை. வெப்பநிலை 31 டிகிரிதான், ஆனால் பனிநிலை 27க்கு ஏறிவிட்டது. இந்த நேரத்தின் வெப்பக் குறியீடும் ஏறக்குறைய 41.

அதாவது, மழை பெய்து வெப்பநிலை இரண்டு டிகிரி குறைந்திருந்தும் உடலுக்குச் சுமை குறையவில்லை. "மழைதான் பெய்துவிட்டதே, சந்தைக்குப் போய் வரலாம்" என்று கிளம்புமுன் பனிநிலையைப் பாருங்கள். சிங்கப்பூரில் அது பெரும்பாலும் 23 முதல் 26 வரை இருக்கும். 26 அல்லது அதற்கு மேல் இருந்தால், வெப்பநிலை சற்றுக் குறைவாகத் தெரிந்தாலும் வெளிவேலையை மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

இந்த எண் யாரை வைத்துக் கணக்கிடப்பட்டது?

வெப்பக் குறியீட்டின் கணக்கு 1979இல் ராபர்ட் ஸ்டெட்மன் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையை அடிப்படையாகக் கொண்டது. அவர் மனத்தில் வைத்தது, 67 கிலோ எடையுள்ள நல்ல உடல்நலமுடைய ஒருவர், இளங்காற்று வீசும் நிழலில் நடந்து செல்வதை. எனவே இந்த எண்ணை நீங்கள் உங்களுக்கேற்பச் சற்று மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது, அது நிழலுக்கான எண். நேரடி வெயிலில் நின்றால் 8 டிகிரி வரை கூடுதலாகத் தெரியலாம். இரண்டாவது, அது வெளிக்காற்றுக்கான எண். சன்னலை மூடி, அடுப்பில் சோறு கொதிக்க, உள்ளேயே துணி காயும் வீட்டில் பனிநிலை வெளியே இருப்பதைவிட அதிகமாக இருக்கலாம். மூன்றாவது, வயது. வயது ஏற ஏற வியர்வை குறைகிறது, தாக உணர்வும் மங்குகிறது. உடல் சூடேறுவது தெரிவதற்குள் அதிக நேரம் ஆகிவிடும். சிறுநீர் பெருக்கும் மாத்திரை போன்ற சில மருந்துகள் உடலின் நீரை மேலும் குறைக்கும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். வெப்பமான நாள்களில் என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

மற்றோர் எண்ணோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்

சிங்கப்பூரில் myENV செயலியில் வெப்ப அழுத்த நிலையும் அறிவிக்கப்படுகிறது. குறைவு, மிதம், அதிகம் என அதற்கு மூன்று நிலைகள். அது வெயிலையும் காற்றோட்டத்தையும் சேர்த்து அளக்கும் வேறோர் அளவு. அதில் 31க்குக் கீழ் குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33 அல்லது அதற்கு மேல் அதிகம். வெப்பக் குறியீட்டில் 33 சாதாரண எண். இந்த அளவிலோ 33 கடுமையான எச்சரிக்கை. எண்ணை விட்டு, அருகில் எழுதியிருக்கும் நிலையைப் படியுங்கள். "அதிகம்" என்றிருந்தால் வெளியே நடப்பதையும் உடற்பயிற்சியையும் தவிர்த்து, குளிர்ச்சியான இடத்தில் இருங்கள்.

மாலையில் பார்த்தால் இரவு தெரியும்

பனிநிலைக்கு இன்னொரு பயன் உண்டு. இரவில் காற்று குளிர்ந்துகொண்டே வந்து பனிநிலையை நெருங்கியதும், நீராவி துளியாகத் தொடங்குகிறது. அப்போது அது வெப்பத்தை வெளியிடுவதால், அதன்பின் காற்று குளிர்வது மெதுவாகிவிடும். ஆகவே மாலையில் பனிநிலை 26 என்றிருந்தால், மழையோ புதிய காற்றோ வராதவரை விடியும்வரை வெப்பநிலை 26க்குக் கீழே அதிகம் இறங்காது. பகலெல்லாம் வெயிலை உள்வாங்கிய சுவர்கள் உள்ள வீட்டுக்குள் அதைவிடச் சூடாகவே இருக்கும். பகலில் களைத்த உடல் இரவில் தேற முடியாமல் போவது மூத்தோருக்குப் பெரிய சுமை.

அத்தகைய மாலையில் தூங்கப் போகுமுன் குளிர்ந்த நீரில் குளியுங்கள். காற்றாடியை உடல்மேல் படும்படி வையுங்கள். கைகளையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டால் காற்றாடி நன்றாகப் பயன் தரும், ஏனெனில் வியர்வைக்குப் பதில் அந்த நீர் ஆவியாகிறது. குளிரூட்டி இருந்தால் சில மணி நேரமாவது போடுங்கள். குளிரூட்டியின் குழாய் வழியே வடியும் தண்ணீர், உங்கள் அறைக் காற்றிலிருந்து எடுக்கப்பட்ட ஈரம்தான். அறையைக் குளிர்விப்பதோடு பனிநிலையையும் அது குறைக்கிறது. குளிரூட்டி இல்லாதவர்கள் பகலில் நூலகம், சமூக மன்றம் போன்ற இடங்களில் ஓரிரு மணி நேரம் இருந்துவிட்டு வரலாம்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது தண்ணீர் குடியுங்கள். இதய நோய் அல்லது சிறுநீரக நோயால் தண்ணீர் அளவாகக் குடிக்கும்படி சொல்லப்பட்டவர்கள் அந்த அளவை மருத்துவரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எப்போது உதவிக்கு அழைப்பது?

தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை உடல் சூடேறுவதன் அறிகுறிகள். உடனே நிழலுக்கோ குளிர்ந்த அறைக்கோ போய், உடையைத் தளர்த்தி, தண்ணீர் அருந்தி ஓய்வெடுங்கள். அரை மணி நேரத்தில் தேறவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

பேச்சு குழறினாலோ, இடம் ஆள் தெரியாமல் குழம்பினாலோ, மயங்கி விழுந்தாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். அப்போது தோல் வியர்வையின்றி உலர்ந்தும் இருக்கலாம், வியர்த்தும் இருக்கலாம். வியர்க்கிறதே என்று தாமதிக்க வேண்டாம். உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள். உதவி வரும்வரை அவர் உடலை நீரால் நனைத்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்குக் குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது.