இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, ஆனால் விறைக்கிறது: ஏன்?

கண்டக்குழியிலும் கற்பிட்டிக் கரையின் மற்றக் கிராமங்களிலும் சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்குகிறவர்கள் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழிகளாகப் பிரியும். அவை முண்ணாணைத் தாக்கினால், படகிலேயே கால் மரத்து, பிறகு அசையாமலும் போகலாம். பெரும்பாலும் அடிபடுவது நெஞ்சுப் பகுதி முண்ணாண்தான். நடப்பது பற்றியும் மூத்திரக் குழாய் பற்றியும் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். கட்டில் விஷயத்தை யாரும் எடுப்பதில்லை. கேட்க நோயாளிக்கும் வாய் வராது.

இரண்டு வேலை, இரண்டு இடம்

விறைப்புக்கு முண்ணாணில் இரண்டு நிலையங்கள் இருக்கின்றன. தொட்டால் வரும் விறைப்பை நடத்துவது அடி நுனியில், திருவெலும்புப் பகுதியின் 2 முதல் 4 வரையான மட்டம். நினைப்பாலும் பார்வையாலும் வரும் விறைப்புக்கு மூளையின் கட்டளை, நெஞ்சுப் பகுதியின் 11ஆம் மட்டத்துக்கும் இடுப்புப் பகுதியின் 2ஆம் மட்டத்துக்கும் இடையில் இறங்க வேண்டும். விந்து வெளியேற இந்த இரண்டு நிலையங்களும் ஒன்றுசேர்ந்து, ஒழுங்கான வரிசையில் இயங்க வேண்டும். அதனால்தான் விறைப்பு திரும்பிய பலருக்கும் விந்து வருவதில்லை.

ஒரு சுழியோடியை எடுத்துக்கொள்வோம்

வயது 30, பாதிப்பு நெஞ்சுப் பகுதியின் 8ஆம் மட்டத்தில் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில வாரங்கள் எதுவுமே நடக்காது. முண்ணாண் அதிர்ச்சியில் இருக்கும் காலம் அது. அப்போதே முடிவு கட்டிவிடக்கூடாது. பிறகு ஒருநாள் குழாய் மாற்றும்போது தானாக விறைக்கும். அவருக்கு வெட்கம், மனைவிக்கு ஆச்சரியம். மனைவியை நினைத்தால் வராதது கை பட்டால் வருகிறதே என்று அவர் குழம்புவார். அடி நிலையம் பழுதில்லாமல் இருக்கிறது, மேலிருந்து வரும் கம்பிதான் அறுந்திருக்கிறது என்பதே அதன் பொருள்.

இப்படி வரும் விறைப்பு தொடுகை நின்றதும் தளர்ந்துவிடலாம். இவர்களுக்கு சில்டெனாபில் நன்றாகவே வேலை செய்கிறது. வைத்தியர் பொதுவாக 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார். நெஞ்சு வலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தாக விழுந்துவிடும். அடி நிலையமே சிதைந்தவர்களுக்கு இந்த மாத்திரையின் பலன் குறைவு. அவர்களுக்கு ஊசியோ வெற்றிடப் பம்போ தேவைப்படலாம். பம்போடு போடும் வளையத்தை 30 நிமிடத்துக்குள் கழற்ற வேண்டும். உணர்வில்லாத தோல் நசுங்கினாலும் வலிக்காது. ஆகவே ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்க்க வேண்டும். விறைப்பு 4 மணி நேரம் தாண்டினால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

விந்துக்கு அதிர்வு

பிள்ளை வேண்டும் என்றால் முதலில் முயல்வது அதிர்வுக் கருவி. ஆணுறுப்பின் நுனியில், அடிப்புறத்தில், செக்கனுக்கு 100 தடவை, 2.5 மில்லிமீற்றர் வீச்சில் அது அதிர வேண்டும். கடையில் விற்கும் சாதாரண மசாஜ் கருவிகள் பலவற்றுக்கு அந்த வீச்சு இல்லை. தோல்விக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சிறுநீர்ப் பையை வெறுமையாக்கிவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் வைத்து, ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து, மறுபடி வைப்பார்கள். வயிறு இறுகி, கால் துள்ளினால் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். பாதிப்பு நெஞ்சுப் பகுதியின் 10ஆம் மட்டத்துக்கு மேலே என்றால் பெரும்பாலானோருக்கு இது பலிக்கிறது. கீழே என்றால் சிலருக்கே. எதுவும் வெளிவராமல் அடுத்த சிறுநீர் கலங்கலாக வந்தால், விந்து பின்னோக்கிப் பைக்குள் போயிருக்கலாம்.

பாதிப்பு நெஞ்சுப் பகுதியின் 6ஆம் மட்டத்திலோ அதற்கு மேலோ இருப்பவர் இதைத் தனியே முயலக்கூடாது. அதிர்வு இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடும். மண்டை இடிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். உடனே கருவியை எடுத்து, ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும். முதல் முறை வைத்தியர் முன்னிலையில், அழுத்தம் பார்த்தபடியே செய்ய வேண்டும்.

எம்.எஸ். வேறு கதை

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நம் பக்கம் அரிது. அங்கே கம்பி அறுவதில்லை, அதன் உறை உரிகிறது. அதனால் இன்று முடியும், அடுத்த மாதம் முடியாது, பிறகு மறுபடி முடியும். வெயிலும் களைப்பும் இதைக் கூட்டும். சிறுநீர் அவசரமும் சேர்ந்திருந்தால் முண்ணாணில் தழும்பு இருக்கலாம். விந்து தாமதமாக வந்தால் மருந்துச் சீட்டையும் பார்க்க வேண்டும்: தசை இறுக்கத்துக்கான பக்லோபெனும் சில மனச்சோர்வு மாத்திரைகளும் அதைத் தடுக்கும். மாத்திரையைத் தானே நிறுத்தாமல், வைத்தியரிடம் சொல்லி அளவை மாற்றலாம்.

பிள்ளைக்கு

நம் சுழியோடிக்கு அதிர்வில் விந்து கிடைத்தது என்று வைப்போம். எண்ணிக்கை சரியாக இருக்கும், நீந்தும் வேகம் குறைவாக இருக்கும். முண்ணாண் பாதிப்பில் வழக்கமாகக் காண்பது இதுதான். சில வேளை நிறம் பழுப்பாகவும் இருக்கும். ஆய்வுகூடத்தில் ஒரு தடவை பார்த்து, போதிய அணுக்கள் நீந்தினால், சுத்தமான கோப்பையில் எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் மனைவியின் கருத்தரிக்கும் நாட்களில் வீட்டிலேயே யோனிக்குள் விடலாம். நீந்துபவை ஓரளவு குறைவென்றால், கருத்தரிப்பு நிலையத்தில் அதே விந்தைக் கழுவி நேரே கருப்பைக்குள் விடுவார்கள்.