எண்ணெயில் உதிராத கட்லெட்

முதன்முதலாக மீன் கட்லெட் செய்த நாளில், தட்டி எண்ணெயில் போட்ட அரை நிமிடத்துக்குள் வாணலி விளிம்பு வரை வெள்ளை நுரை பொங்கியது. அடங்கியதும் எட்டிப் பார்த்தால் கட்லெட்டைக் காணோம். மீன் புட்டுதான் எண்ணெயில் மிதந்தது. அரை கிலோ மீனுக்கு ஒரு முட்டை போதும் என்றிருந்தும், பிடிமானம் கூடட்டும் என்று மூன்று உடைத்து ஊற்றியிருந்தேன். கெட்டது அதனால்தான்.

முட்டையைப் பசை மாதிரி நினைத்துக்கொள்கிறோம். பச்சை முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர். ஊற்றியதும் கலவை இளகத்தான் செய்யும். முட்டை தன் வேலையைத் தொடங்குவது சூடேறிய பிறகு. 60 டிகிரி செல்சியஸைச் சற்றுத் தாண்டும்போது வெள்ளைக்கரு உறையத் தொடங்கி, 80 டிகிரி வாக்கில் கெட்டியாகிவிடும். அதுவரை சுருண்டு கிடந்த புரத இழைகள் சூட்டில் பிரிந்து, ஒன்றோடொன்று பின்னி, மீன் துணுக்குகளை வலை போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். எண்ணெயில் விழுந்ததற்கும் இந்த வலை விழுவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் கட்லெட்டை வேறு ஏதாவது தாங்க வேண்டும். உருளைக்கிழங்கும் ரஸ்க் தூளும் அதற்குத்தான்.

கோலா உருண்டைக்கு இவ்வளவு கவலை வேண்டாமே என்று கேட்கலாம். பச்சைக் கொத்துக்கறியில் உப்புப் போட்டுப் பிசைந்தால் கையில் ஒட்டுகிற பிசுபிசுப்பு வரும். கறியின் புரதமே கசிந்து வந்து பிடித்துக்கொள்வதன் அடையாளம் அது. கூடப் பொட்டுக்கடலை மாவு சேர்ந்தால் முட்டை இல்லாமலே நிற்கும். கட்லெட்டுக்கு எடுப்பதோ வெந்த மீன். அதன் புரதம் ஏற்கெனவே உறைந்து, உதிரி உதிரியாகிவிட்டது. எவ்வளவு பிசைந்தாலும் இனி ஒட்டாது.

இப்போது நான் செய்வது இப்படி. அரை கிலோ சூரை மீனை மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, முள் எடுத்து, உதிர்த்து, ஒட்ட நீரைப் பிழிந்துவிடுவேன். கால் கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைப்பேன். உரித்து வேகவைத்தால் தண்ணீர் குடித்துக் கொழகொழத்துப் போகும். உரித்ததும் ஆவி போகும்வரை தட்டில் பரப்பி வைத்து, பிறகு மசிப்பது. வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாயை ஈரம் வற்ற வதக்கி ஆறவிட வேண்டும். எல்லாம் ஆறியபின் ஒரே ஒரு முட்டை, மூன்று மேசைக்கரண்டி ரஸ்க் தூள். சூட்டோடு ஊற்றினால் முட்டை அங்கேயே பொரிந்து, பிடிக்கிற சக்தியை இழந்துவிடும். பிசைந்ததை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் தூள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

பதம் கையில் தெரியும். தட்டும்போது ஓரம் வெடித்தால் கலவை வறண்டிருக்கிறது. ஒரு கரண்டி அடித்த முட்டை சேர்க்கலாம். உள்ளங்கையில் அப்பிக்கொண்டு தொய்ந்தால் ஈரம் அதிகம். அதற்கு மருந்து தூள்தான், இன்னொரு முட்டை இல்லை. முட்டை கூடினால், உடையாமல் தப்பித்தாலும், கட்லெட் ரப்பர்போல் விறைத்து, மீன் ருசி போய் ஆம்லெட் வாசனை அடிக்கும்.

அடுத்தது மேல்பூச்சு. அரை அங்குலக் கனத்துக்குத் தட்டி, மைதாவில் புரட்டி உதறி, ஒரு சிட்டிகை உப்போடு அடித்த முட்டையில் முக்கி, ரஸ்க் தூளில் அழுத்தி எடுக்க வேண்டும். மைதா எதற்கு என்று அதை விட்டுவிடுபவர்கள் உண்டு. ஈரமான மேற்பரப்பில் முட்டை வழுக்கி இறங்கிவிடும். மாவு இருந்தால்தான் பற்றும். இந்த வெளி முட்டை எண்ணெய் பட்ட சில நொடிகளில் உறைந்து ஓடாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் முட்டைக்குச் சூடு போய்ச் சேரும்வரை கட்லெட்டைக் கட்டிக் காப்பது இந்த ஓடுதான்.

எண்ணெய் காயாமல் போட்டால் ஓடு உருவாகுமுன் முட்டை கரைந்து எண்ணெயில் இறங்கும். அன்று நான் பார்த்த நுரை அதுதான். ஒரு ரொட்டித் துண்டைப் போட்டுப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சூடு சரி. புகைய விட்டால் மேலே கருகும், நடுவில் முட்டை பச்சையாகவே நிற்கும். ஒரு ஈட்டுக்கு நான்குக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறிவிடும். போட்ட முதல் நிமிடம் கரண்டியைக் கிட்டே கொண்டு போகாதீர்கள்.

எல்லாவற்றையும் தட்டி முடிக்குமுன் ஒன்றை மட்டும் பொரித்துப் பார்ப்பது நல்லது. திருத்த வேண்டியிருந்தால் மீதிக் கலவை கையில் இருக்கும். வீட்டில் ஒரே முட்டைதான் இருக்கிறதா? உள்ளே ஊற்ற வேண்டாம். உருளைக்கிழங்கை நம்பிக் கெட்டியாகப் பிசைந்து, அந்த முட்டையை மேல்பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.