கடன் உருவாக்கமும் பணப் பெருக்கியும்: தேர்வுக் கணக்குகள்

வணிக வங்கிகள் தாம் பெறும் வைப்புத்தொகையில் ஒரு பகுதியை இருப்பாக வைத்துக்கொண்டு மீதியைக் கடனாக வழங்குகின்றன. அந்தக் கடன் செலவிடப்பட்டு, வேறொருவரின் வைப்பாக மீண்டும் ஏதோ ஒரு வங்கிக்குள் வருகிறது. இவ்வாறு முதல் வைப்பைப் போலப் பல மடங்கு வைப்புகள் உருவாவதே கடன் உருவாக்கம் ஆகும். எத்தனை மடங்கு என்பதைக் காட்டும் எண் பணப் பெருக்கி எனப்படும். இருப்பு விகிதம் r எனில், எளிய பணப் பெருக்கி 1/r ஆகும்.

ஒருவர் கையிலிருந்த 10,000 ரூபாய் ரொக்கத்தை வங்கியில் செலுத்துகிறார். இருப்பு விகிதம் 20 விழுக்காடு எனக் கொள்வோம். வங்கி 2,000 ரூபாயை நிறுத்திக்கொண்டு 8,000 ரூபாயைக் கடனாகத் தருகிறது. கடன் பெற்றவர் அதைக் கொண்டு நெல் வாங்கினால், நெல் விற்றவரின் வங்கியில் 8,000 ரூபாய் வைப்பாகிறது. அந்த வங்கி 1,600 ரூபாயை வைத்துக்கொண்டு 6,400 ரூபாயைக் கடனாகத் தருகிறது. அடுத்து 5,120 என இத்தொடர் சிறுத்துக்கொண்டே போகும். எல்லா வைப்புகளையும் கூட்டினால் 10,000 × 1/0.20 = 50,000 ரூபாய் கிடைக்கும்.

மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல, வினாவில் கேட்கப்பட்டது எது என்று பார்க்காமல் 50,000 என்று எழுதிவிடுவதில்தான். மொத்த வைப்பு எவ்வளவு என்று கேட்டால் 50,000 சரி. வங்கிகள் உருவாக்கிய கடன் எவ்வளவு என்று கேட்டால், முதல் வைப்பு கடனால் பிறந்ததல்ல என்பதால் அதைக் கழித்து 40,000 என எழுத வேண்டும். முதல் வங்கி மட்டும் எவ்வளவு கடன் தரலாம் என்று கேட்டால் விடை 8,000 மட்டுமே. பெருக்கி வங்கி அமைப்பு முழுவதற்கும் உரியது; தனி வங்கி தன்னிடமுள்ள மிகை இருப்புக்கு மேல் கடன் தந்தால், காசோலைகள் பிற வங்கிகளுக்குப் போகும்போது அதன் இருப்பு போதாமல் போகும்.

பண அளிப்பு எவ்வளவு மாறியது என்ற வினா இன்னும் நுட்பமானது. மேற்கண்ட 10,000 ரூபாய் ஏற்கெனவே மக்கள் கையில் பணமாக இருந்தது. வைப்பு 50,000 கூடியபோது கைரொக்கம் 10,000 குறைந்தது. ஆகவே பண அளிப்பு 40,000 மட்டுமே கூடியது. மாறாக, மைய வங்கி ஒரு குடிமகனிடமிருந்து 10,000 ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி, அவர் அத்தொகையை வங்கியில் செலுத்தினால், அது புதிய பணம். பண அளிப்பு 50,000 கூடும், கடன் 40,000 ஆகும். அதே பத்திரத்தை ஒரு வங்கியிடமிருந்தே வாங்கினால் புதிய வைப்பு எதுவும் வராததால் 10,000 ரூபாய் முழுவதும் மிகை இருப்பாகும். அப்போது கடனும் 50,000, பண அளிப்பின் உயர்வும் 50,000. எனவே முதல் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதை வினாவில் அடிக்கோடிட்ட பிறகே கணக்கைத் தொடங்குவது நல்லது.

விகிதத்தை மாற்றிக் கேட்கும் வினாவிலும் ஒரு சறுக்கல் உண்டு. வைப்பு 50,000, இருப்பு 10,000 என்ற நிலையில் விகிதம் 25 விழுக்காடாக உயர்ந்தால், வேண்டிய இருப்பு 12,500, பற்றாக்குறை 2,500. வைப்பும் 2,500 குறையும் என்று எழுதுவது தவறு. இருப்பு 10,000 ஆகவே இருக்க, அது தாங்கக்கூடிய வைப்பு 10,000 × 1/0.25 = 40,000 ஆகும். அதாவது வைப்பு 10,000 ரூபாய் சுருங்க வேண்டும்.

1/r என்பது உச்ச அளவு மட்டுமே. மக்கள் ஒரு பகுதியை ரொக்கமாகவே கையில் வைத்துக்கொண்டால் சுழற்சியிலிருந்து பணம் கசிகிறது. வைப்பில் 20 விழுக்காட்டுக்குச் சமமான ரொக்கத்தை மக்கள் வைத்திருக்கிறார்கள், இருப்பு விகிதமும் 20 விழுக்காடு எனில், மைய வங்கி வெளியிட்ட 10,000 ரூபாய் வைப்பில் 40 விழுக்காட்டுக்குச் சமமாக வேண்டும். எனவே வைப்பு 25,000, கைரொக்கம் 5,000, மொத்தப் பணம் 30,000. பெருக்கி 5 அல்ல, 3. c ரொக்க விகிதம் எனில் (1+c)/(c+r) என்ற வாய்பாடு இதையே தருகிறது.

இந்திய வினாக்களில் ரொக்க இருப்பு விகிதத்தோடு சட்டப்பூர்வ நீர்மை விகிதமும் தரப்பட்டால், பள்ளிப் பாடநூல் முறைப்படி இரண்டையும் கூட்டியே r ஆகக் கொள்வது வழக்கம்.

நடைமுறை இந்த வாய்பாட்டிலிருந்து வெகுவாக விலகி நிற்கிறது. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி ரொக்க இருப்பு விகிதத்தை 4 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது. அதை மட்டும் கொண்டு கணக்கிட்டால் பெருக்கி 25-லிருந்து 33-க்கு மேல் தாவியிருக்க வேண்டும். ஆனால் இந்தியாவின் உண்மைப் பணப் பெருக்கி ஏறத்தாழ 5, 6 என்ற அளவிலேயே இருந்து வருகிறது. அதே மாதம் அமெரிக்க மைய வங்கி கட்டாய இருப்பு விகிதத்தைப் பூச்சியமாக்கியது. 1/0-க்கு விடை இல்லை. ஆனாலும் அங்கு வங்கிக் கடன் எல்லையின்றிப் பெருகிவிடவில்லை. கடன் கேட்போரின் தேவை, திரும்பி வருமா என்ற ஐயம், வங்கியின் மூலதனம் ஆகியவை அதைக் கட்டுப்படுத்துகின்றன. "வரம்புகளை விளக்குக" என்று முடியும் வினாவுக்கு எழுத வேண்டியவை இவையே.