'மச்சி, இதான் லாஸ்ட் மேட்ச்!' - கேமிங் ஸ்குவாடுக்கு குட்பை சொல்வது எப்படி?

முகத்தை நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால், குரலை வெச்சே இன்னைக்கு அவன் மூடு எப்படினு சொல்லிடுவோம். பி.ஜி.எம்.ஐ ஸ்குவாட் நட்பு அப்படித்தான். நீட் ரிப்பீட்டருக்காக ஹாஸ்டல் கிளம்பும்போது, பலர் அந்த நட்புக்கிட்ட எதுவும் சொல்லாமலே கேமை அன்இன்ஸ்டால் செய்துடறாங்க. மற்ற மூணு பேருக்கும் தெரியுறது, அவன் ஆஃப்லைன்ல இருக்கான்ங்கிறது மட்டும்தான். கோபமா, உடம்பு சரியில்லையானு குழம்பிட்டே இருப்பாங்க.

சரி, எப்படிச் சொல்வது? நாமக்கல்லுக்குக் கிளம்பும் ஓர் ஐ.ஜி.எல்-ஐ, அதாவது டீமை வழிநடத்தும் பிளேயரை உதாரணமா எடுத்துக்குவோம்.

ஒரு வாரம் முன்பே சொல்லுங்க

எங்கே இறங்குறது, ஸோன் சுருங்கும்போது எந்தப் பக்கம் நகர்றதுனு முடிவெடுப்பது ஐ.ஜி.எல்தான். அவர் திடீர்னு காணாமப்போனா, அந்த இடத்தில் யாரோ ஒரு ரேண்டம் பிளேயர் வந்து உட்காருவார். யார் பேச்சை யார் கேட்பதுனு சண்டை வரும். அதனால, கடைசி வாரத்தில் இன்னொருவரை கால் கொடுக்கச் சொல்லிட்டு, நீங்க பின்னாடி இருந்து விளையாடுங்க. கிளான் லீடர் பொறுப்பையும் கைமாத்திடுங்க.

தேதியோட சொல்லுங்க

'இனி அவ்வளவா வர மாட்டேன்டா' என்றால், தினமும் இன்வைட் வரும். 'ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் போறேன். நீட் முடியுற வரை கேம் கிடையாது. கோபமெல்லாம் இல்லடா. ஞாயிறு மட்டும்தான் போன் கிடைக்கும், மெசேஜ் போடு' - இவ்வளவு போதும். 'லீவுல கண்டிப்பா வர்றேன்'னு உறுதி கொடுக்காதீங்க. வர முடியலைன்னா அதுவே குற்ற உணர்ச்சியா மாறும்.

ஐடி மட்டும் போதாது

2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. 2022 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ-யும் ஆப் ஸ்டோர்களில் இருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம்தான் திரும்ப வந்தது. கேமுக்கு வெளியே தொடர்பே இல்லாத நட்புகள், இப்படிப்பட்ட நேரத்தில் அப்படியே அறுந்துபோகும். அதனால பல மாதம் பழகின, நம்பிக்கையான ஆட்களோட மட்டும் இன்ஸ்டா ஐடியோ போன் நம்பரோ பரிமாறிக்கோங்க.

கடைசி மேட்ச் எது?

எராங்கல் மேப்பில் ஒரு முழு மேட்ச் சுமார் அரை மணி நேரம். 'சிக்கன் டின்னர் அடிச்சுட்டுக் கிளம்புறேன்'னு ஆரம்பிச்சா விடிஞ்சிடும். ஜெயிக்கிறோமோ, முதல் ஃபைட்லயே அவுட்டோ, இத்தனை மேட்ச்தான்னு முன்கூட்டியே பேசிக்கோங்க. அது முடிஞ்சதும் லாபியில் பத்து நிமிஷம் மைக் ஆன்ல இருக்கட்டும். சொல்ல நினைச்சதையெல்லாம் சொல்ல அந்த நேரம் போதும்.

அன்இன்ஸ்டால் செய்யும் முன், எந்தக் கணக்கு வழியா லாகின் செய்தீங்கனு குறிச்சு வெச்சுக்கோங்க. ஒரு வருஷம் கழிச்சு, புது போன்ல அதே பெயரோட ஆன்லைன் வந்தாதான் அந்த மூணு பேருக்கும் உங்களை அடையாளம் தெரியும்.